மத்தாப்புப் பாப்பாவின் சிரிப்பு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சி. மற்றதெல்லாம் நான் கட்டியது. எது எதுவென்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுவதுதான் முறை.

தீபாவளிக்கு முந்தைய சீசன். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். விஸ்வநத்தம் தாண்டியதும் ஒரு பட்டாசு ஆலையின் வாசல் வந்தது. வாசலுக்கு வெளியே, ரோட்டுக்கும் கம்பிவேலிக்கும் நடுவில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அலுமினியப் பவுடர் ஒட்டி முழங்கை வரைக்கும் வெள்ளியாக இருந்தார்கள். சிலருக்கு நெற்றியிலும் அது ஒட்டியிருந்தது, வேர்வையைத் துடைத்த இடத்தில். வெயில் பட்டு அந்தக் கைகள் மினுங்கின. அத்தனை பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் பார்த்தேன். வானத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு துண்டு மேகம்கூட இல்லை. சலவை செய்து விரித்த மாதிரி நீலம்.

கண்டக்டரிடம் கேட்டேன்: “என்னண்ணே, உள்ள ஏதும் ஆயிப்போச்சா?”

“ஒண்ணும் ஆவலீங்க. ஆயிருந்தா நம்ம பஸ்ஸு இந்த வழியாப் போவுமா?”

“அப்ப ஏன் வெளிய உக்காந்திருக்காக?”

“இடி வந்தா வெளிய விட்டுருவாகள்ல.”

“இடியா? இந்த வெயில்லயா?”

அவர் குனிந்து வெளியே பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோன விசிலை இறக்கினார். “ஆமால்ல” என்றார். அதற்குள் பஸ் கடந்துவிட்டது.

அந்தப் பெண்கள் ஏன் வெளியே இருந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அவர்களில் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக் கைகளோடு, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் பெண்களை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் என்னைப் போல ஏதாவது எழுத உட்கார்ந்திருப்பீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘நாகஜோதிக்குக் கை நடுங்கியது. அவள் அனுப்பிய ஸ்டிக்கர்’

விட்டுவிட்டேன். கை நடுங்கும் பெண்ணோடு தொடங்கினால் அடுத்த வரிக்குள் அவளுக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். பரிதாபம் வந்துவிட்டால் அவள் செய்ததை நிதானமாகப் பார்க்க மாட்டீர்கள்.

பிறகு இப்படி:

‘சிவகாசியில் பட்டாசு ஆலை என்றாலே’

இது அதைவிட மோசம். இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எங்கள் ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும். எழுதுகிறவன் பேனாவைத் திறக்கும்போதே வெடிமருந்து கிட்டத்தில் இருக்கிறது; ஒரு வரியை உரசினால் போதும், கதை முடிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். அதனால் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது.

(இவ்வளவு சொன்ன பிறகும் உங்களுக்குப் பயமாக இருந்தால் அந்தப் பயம் என் எழுத்தால் வந்ததல்ல.)

மூன்றாவது தொடக்கம் எனக்கு ஒரு ஸ்டிக்கராக வந்தது. என் தங்கை மகள் அனுப்பிரியாவுக்கு, அவள் அப்பாவின் சர்க்கரை வியாதி பற்றி ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். எண், பத்தி எல்லாம் பிரித்து, என் வழக்கப்படி. பதிலாக ஒரு குழந்தை வந்தது. பொக்கை வாய் திறந்து, கண் இரண்டும் மூடிப்போகும் அளவுக்குச் சிரிக்கிற குழந்தை.

போன் செய்தேன். “ஐயோ மாமா, கை பட்டுருச்சு” என்றாள்.

கை பட்டால் எப்படிப் போகும் என்று கேட்டேன். அவள் விளக்கினாள். விளக்கம் கேட்கக் கேட்க எனக்கு அந்த வேலியோரத்துப் பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இரண்டையும் நான்தான் சேர்த்து வைத்தேன். உண்மையில் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

3

நாகஜோதி சிவகாசி டவுனில், அந்த ஆலையின் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். படிப்பை முடித்ததும் கிடைத்த முதல் வேலை. ஆர்டர் வாங்குவது, லாரிக்குச் சொல்வது, ஆட்களின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஆலை ஊருக்கு வெளியே, ஆபீஸ் ஊருக்குள். பட்டாசுக் கம்பெனிகள் பெரும்பாலும் இப்படித்தான். எழுதுகிற இடம் வேறு, மருந்து அடைக்கிற இடம் வேறு.

சீனிவாசகம் ஆலையின் மேனேஜர். அவருடைய போன் ஆலைக்குள் போகாது. யாருடைய போனும் போகாது. வாசலில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. வருகிறவர்கள் போனைச் சத்தமில்லாமல் அடக்கி, திரை தெரிகிற மாதிரி அதில் வைத்துவிட்டு, சுவரில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் தகடு வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். பெட்டிக்குக் காவல் ஊர்க்காவலன். (பெயரை நான் தேடிப் பிடிக்கவில்லை, வேலைக்குப் பொருத்தமாக அவர் அப்பாவே வைத்துவிட்டார்.)

இனி அந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். கதை இதில்தான் நிற்கிறது.

இடி வருகிற நேரத்தில் ரூமுக்குள் யாரும் இருக்கக் கூடாது. மேகம் தலைக்கு மேல் வந்து நிற்கும்வரை காத்திருக்கவும் கூடாது. அதனால் மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் செயலியை ஆபீஸிலிருந்து நாகஜோதி பார்த்துக்கொள்வாள். பக்கத்தில் வந்தால் மேனேஜர் போனுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் போன் பூட்டியபடி பெட்டிக்குள் இருக்கிறது. திரையில் நாள் முழுக்கச் செய்திகள் வந்து விழுகின்றன: லாரி நம்பர், லேபிள், அட்டைப்பெட்டி. ஊர்க்காவலன் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க முடியுமா?

போன சீசனில் நாகஜோதி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆலை வாசலில் மாட்டியிருக்கும் ‘நில்’ பலகையைப் படம் பிடித்தாள். அதிலிருந்த சிவப்புக் கையை மட்டும் போனிலேயே வெட்டி எடுத்து ஸ்டிக்கர் ஆக்கினாள். மேனேஜரிடம் சொன்னாள்: “சார், உங்க நம்பருக்கு இனிமே எழுத்து மட்டும்தான் போடுவேன். ஸ்டிக்கர் வந்தா அது இடிதான்.”

ஊர்க்காவலனுக்கு அது பிடித்துப்போனது. பூட்டிய திரையில் ஸ்டிக்கரின் படம் தெரியாது. அனுப்பியவர் பெயர் வரும். அதன் கீழே ‘ஸ்டிக்கர்’ என்ற ஒரே சொல் வரும். அவ்வளவு போதும். அந்தச் சொல்லைக் கண்டால் விசிலை எடுக்க வேண்டும்.*

ஒரு சொல் வேலியைத் தாண்டி உள்ளே போகிறது, அத்தனை பேரும் எழுந்து வெளியே வருகிறார்கள்.

*அனுப்பிரியா முதல் வரைவைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் மாமா, ஒரு போன் போட்டுச் சொல்ல மாட்டாகளா?” நியாயமான கேள்வி. ஊர்க்காவலன் ஒருமுறை மேனேஜர் போனை எடுத்துப் பேசியிருக்கிறார். மறுமுனையில் முதலாளி. “நீ யாருலே இதை எடுக்க?” என்று கேட்ட கேள்விக்குப் பிறகு அவர் எந்தப் போனையும் தொடுவதில்லை. பார்ப்பார், அவ்வளவுதான். அனுப்பிரியாவுக்கு இந்தப் பதில் பிடித்தது. “அப்ப சரி” என்றாள்.

4

சீனிவாசகத்தை என்னால் முதலில் நம்ப முடியவில்லை.

அவர் நாகஜோதிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும், விளையாட்டில்லாத செய்தி. வயதில் பெரியவர், மேனேஜர், நேற்று வந்த பெண்ணிடம் மனதைத் திறப்பாரா? வேறு மாதிரியெல்லாம் எழுதிப் பார்த்தேன். அதட்டுகிற சீனிவாசகம். புலம்புகிற சீனிவாசகம். ‘ஆலை முழுவதும் தன் தோளில் இருப்பதாக நினைத்த சீனிவாசகம், அன்று காலை’ என்று ஒரு வரி எழுதி, அதில் வந்தவர் வேறு யாரோ போலிருக்கவே அடித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அவர் மனதைத் திறக்கவில்லை. அவருக்கு அவளிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

முந்தின நாள் மாலை முதலாளி மணிகண்டராஜ் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். லோடு போயே ஆக வேண்டும், ரூமுக்கு நாலு பேர் பத்தாது, ஆறு பேரை உட்கார வைங்க. ஒவ்வொரு ரூம் கதவிலும் சட்டப்படியான ஆள் அளவு நாலு என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. எழுதியதே சீனிவாசகம்தான். காலையில் வேன் வந்து ஆட்கள் இறங்கியதும் அந்தக் கதவுகளைத் தாண்டி ஆறாறு பேராக அனுப்பிவைத்தார். பெண்கள் ஒவ்வொரு ரூமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ரூம்களுக்கு இடையே தூரம் இருக்கிறது. ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. அவரவர்க்கு அவரவர் ரூம்.

அதன் பிறகு அவர் வாசலுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, தன் போனை எடுத்து இதை அடித்தார்:

‘ஜோதி ஒரு விசயம். ரூமுக்கு நாலு பேருன்னு உனக்கே தெரியும். முதலாளி ஆறு பேரை உக்கார வைக்கச் சொல்லிட்டாக. காலைல உக்கார வச்சிட்டேன். மனசே சரியில்ல. கூட இருக்கிற ஆளுகளை நீ பேக்கிங்ல இருந்ததா வருகைல போடணும். போடுவியாம்மா. யோசிச்சுப் பதில் சொல்லு.’

அனுப்பிவிட்டு போனைப் பெட்டியில் வைத்தார். தகட்டைத் தொட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தொட்டுக்கொண்டு நின்றார் என்று எழுதலாம்தான். எழுதவில்லை. தொட்டார், உள்ளே போனார்.

5

இனி அந்தத் தொடுகை. இதை அனுப்பிரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் போனில் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிப் பார்த்து எழுதினேன்.

நாகஜோதி அன்று காலை ஆபீஸுக்கு வந்ததும், கூடப் படித்த ஒருத்தியுடன் போனில் கேலி பேசிக்கொண்டிருந்தாள். அந்தத் தோழியின் நிச்சயதார்த்தப் படம். மாப்பிள்ளைக்குச் சட்டை இரண்டு அளவு பெரிது. நாகஜோதி அதற்கு ஒரு சிரிக்கும் ஸ்டிக்கர் போட்டாள். அதுவும் அவளே செய்ததுதான். அவர்கள் கம்பெனியின் கம்பி மத்தாப்பு டப்பாவில் ஒரு பாப்பா உண்டு. பொக்கை வாய், மூடிய கண், ஒரு கையில் மத்தாப்பு. அந்த லேபிளிலிருந்து பாப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தாள். யார் பெற்ற பிள்ளையோ தெரியாது. பல வருடமாக அந்த டப்பாவில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

அப்போது மேனேஜரின் செய்தி வந்தது. திறந்தாள். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

‘யோசிச்சுச் சொல்றேன் சார்’ என்று எழுதி, கும்பிடும் கைகளைச் சேர்க்க நினைத்தாள். எழுதுவதற்கு முன்பே படங்கள் இருக்கிற பலகையைத் திறந்துவிட்டாள். கண் இன்னும் மேலே, மேனேஜரின் வரிகளில் இருந்தது. ‘போடுவியாம்மா’ என்ற இடத்தில்.

அந்தப் பலகைக்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக எந்தப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனோமோ அதே பக்கத்தில்தான் திறக்கும். அவள் தோழிக்கு ஸ்டிக்கர் போட்டிருந்தாள். அதனால் ஸ்டிக்கர் பக்கம் திறந்தது. இன்னொரு குணம்: கடைசியாக அனுப்பியது முதலிடத்துக்கு வந்து நிற்கும். கும்பிடும் கைகள் எப்போதும் இருக்கிற அந்த மேல் மூலையில் இப்போது பாப்பா இருந்தது.

கட்டைவிரல் வழக்கமான இடத்துக்குப் போனது.

பொம்மை முகம், கும்பிடு போன்ற சின்னப் படங்களைத் தொட்டால் அவை எழுதுகிற பெட்டியில் போய் உட்கார்ந்து காத்திருக்கும். அம்புக்குறியைத் தொட்டால்தான் போகும். மனம் மாறினால் அழிக்கலாம். ஸ்டிக்கருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. தொட்டதும் போய்விடும். ‘அனுப்பவா?’ என்று யாரும் கேட்பதில்லை.

மனசே சரியில்லை என்று எழுதியவரின் வரிகளுக்குக் கீழே, கட்டம் எதுவும் இல்லாமல், திரையில் பெரிதாக, பாப்பா வந்து விழுந்து சிரித்தது.

“அய்யய்யோ” என்றாள் நாகஜோதி. ஆபீஸில் வேறு யாரும் இல்லை.

உடனே அதை அழுத்திப் பிடித்தாள். குப்பைத்தொட்டிக் குறி வந்தது. தொட்டாள். இரண்டு வழி காட்டியது: எல்லாருக்கும் நீக்கு, எனக்கு மட்டும் நீக்கு. பதற்றத்தில் இருக்கிறவளுக்கு இரண்டும் ஒரே மாதிரி எழுத்தாகத்தான் தெரியும். அவள் தொட்டது இரண்டாவதை.

பாப்பா மறைந்தது. அவளுடைய திரையில் மட்டும்.

அடியில் ஒரு சின்னப் பட்டை வந்தது. செய்ததை மாற்றிக்கொள்ளலாம் என்று. அது என்னவென்று அவளுக்குப் புரிவதற்குள் அதுவும் போய்விட்டது. இனி அவளால் அதை அழிக்க முடியாது, ஏனென்றால் அது அவளிடம் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டதா, அவர் பார்த்துவிட்டாரா என்று காட்டும் குறிகள்கூட அதோடு சேர்ந்து மறைந்துவிட்டன. அவள் போனில் இப்போது மேனேஜரின் கேள்வி மட்டும் இருந்தது. அவள் ஒன்றுமே சொல்லாத மாதிரி.

நான் எழுதிய எத்தனையோ வரிகளை அடித்திருக்கிறேன். என் காகிதத்தில் மட்டும் அடிபட்டு இன்னொருவர் கையில் அப்படியே இருக்கிற வரியை நான் கண்டதில்லை.

சிரிப்பைப் பற்றித்தான் அவள் முதலில் பயந்தாள். சார் மனசு விட்டுப் பேசியிருக்கிறார், நான் சிரித்திருக்கிறேன் என்று. பிறகுதான் அடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

அந்த நம்பருக்கு ஸ்டிக்கர் போனால் அது இடி.

6

ஊர்க்காவலன் பெட்டியைப் பார்த்தார். மேனேஜர் போன் வெளிச்சம் போட்டது. ‘நாகஜோதி ஆபீஸ்.’ கீழே: ‘ஸ்டிக்கர்.’

அண்ணாந்து பார்த்தார். நீலம்.

இங்கே ஒரு கணம் அவரைத் தயங்க வைத்திருந்தேன். அடுத்த வரைவில் எடுத்துவிட்டேன். தயங்குகிறவரை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். ‘மேகத்தை நீ பார்க்காத, திரையைப் பாரு’ என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

அதே நேரத்தில் டவுனில் நாகஜோதி மேனேஜருக்குப் போன் செய்தாள். விசிலை நிறுத்தச் சொல்வதற்காக. பெட்டிக்குள் சத்தமில்லாமல் திரை பளபளத்தது: ‘நாகஜோதி ஆபீஸ் அழைக்கிறார்.’ மறுபடியும் அழைத்தாள். மறுபடியும்.

“யாத்தே, பெரிய இடியாவுல்ல இருக்கும் போலருக்கு” என்றார் ஊர்க்காவலன். இன்னும் வேகமாக ஊதினார்.

7

ரூம்களிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஓடக் கூடாது என்பது பழக்கம்; நடந்தார்கள். ஒவ்வொரு ரூமாக, ஒவ்வொரு கதவாக, ஆறு, ஆறு, ஆறு என்று. மத்தியில் இருக்கிற செம்மண் பாதையில் எல்லா வரிசையும் சேர்ந்தது. வாசலைத் தாண்டி, ரோட்டோரமாக வந்து உட்கார்ந்தது.

பஸ்ஸிலிருந்து நான் பார்த்தது இந்த இடம்தான். (அல்லது, நான் பார்த்ததை இந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.)

“காவலண்ணே, மானத்துல என்னத்தக் கண்டீக?” சோலையம்மாள் கேட்டாள். வாய்க்குச் சொந்தக்காரி.

“மானத்துல எங்க கண்டேன், பெட்டியிலதான் தாயி கண்டேன்.”

“பெட்டிக்குள்ளயா இடி விழுகுது? அப்ப போனையெல்லாம் எடுத்து வெளிய போடும்.”

“சிரிக்காத. எனக்குச் சொன்னதைத்தான் நான் செய்வேன்.”

“எங்க வீட்டுக்காரரு மொட்டமாடியில வத்தல் காயப் போட்டிருக்காரு. இடி வருதுன்னு சொல்லி விடணுமே.”

“அவரு வத்தல் போடுறாரா? அதுக்கே இடி விழுகணும்.”

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது முத்துமாரியம்மாள் மட்டும் வானத்தைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரூமில் மருந்து அடைக்கிற வேலை. அதிகம் பேச மாட்டாள்.

“ஏத்தா சோலை, உங்க ரூமுலயும் ஆறு பேரா?”

“ஆமா. ஏன், உங்க ரூமுல?”

“ஆறுதான். எங்க ரூமுக்கு மட்டும்தான்னு நெனச்சேன்.”

அடுத்தவளும் திரும்பினாள். “நாங்களும் ஆறு.” அதற்கடுத்தவளும். வரிசையில் அந்தச் சொல் கை மாறி மாறிப் போய்க் கடைசியில் நின்றது. இவ்வளவு பேரா உள்ளே இருந்தோம் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவர்களுக்குள் தனித்தனியாக இருந்தபோது தெரியாதது வெயிலில் ஒரே வரிசையாகத் தெரிந்தது.

இந்தப் பத்தியைத்தான் நான் பயந்து பயந்து எழுதினேன். எங்கள் பக்கத்தில் இவ்வளவு பேரைச் சேர்த்து வெளியே காட்டுவதற்கு வழக்கமாக என்ன நடக்க வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே எதுவும் நடக்கவில்லை. ஒரு பெண்ணின் கட்டைவிரல் இடம் மாறிப் பட்டது. அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது.

8

சீனிவாசகம் கடைசி ஆளாக வெளியே வந்தார். எல்லா ரூமையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேனேஜர் வெளியே வர வேண்டும். வந்ததும் வானத்தைப் பார்த்தார், ஊர்க்காவலனைப் பார்த்தார்.

“ஸ்டிக்கர் வந்துச்சு சார். அதுக்கு மேல போனும் மேல மேல வருது.”

பெட்டியைத் திறந்து போனை எடுத்து, பூட்டை விலக்கினார்.

‘போடுவியாம்மா. யோசிச்சுப் பதில் சொல்லு’ என்ற தன் வரி. அதற்குக் கீழே, தன் கம்பெனிப் பாப்பா, பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது.

சிவப்புக் கை இல்லை.

அவர் முகம் என்ன ஆனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ‘கோபத்தில் அவர் முகம்’ என்று தொடங்கினேன், கோபம் இல்லை. ‘அவமானத்தில்’ என்று மாற்றினேன்; அதுவும் பாதிதான். தன்னை யாரோ கையும் களவுமாகப் பார்த்துவிட்டு, திட்டாமல் சிரித்தால் ஒரு மனிதன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். இது போதும் என்று விட்டுவிட்டேன்.

“என்ன சார் போட்டிருக்கு? மழையா?” என்று கேட்டாள் சோலையம்மாள்.

அவர் போனை அவர்கள் பக்கம் திருப்பினார். ஏன் திருப்பினார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

“அட, நம்ம மத்தாப்புப் பாப்பா!”

பேக்கிங் முறை வரும் நாளெல்லாம் அவர்கள் ஒட்டுகிற முகம். ஆயிரமாயிரம் டப்பாவில் விரலால் தடவி ஒட்டிய முகம். ஒட்டும்போது யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. இப்போது அது மேனேஜர் போனுக்குள்ளிருந்து தங்களைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டதும் வரிசையே குலுங்கியது. ஊர்க்காவலனுக்குக்கூட விசில் வாயிலிருந்து நழுவியது.

சிரிப்பு அடங்குவதற்கு முன்பே முத்துமாரியம்மாள் எழுந்து நின்றாள்.

“சார், இடி இல்லைல்ல?”

“இல்லம்மா.”

“அப்ப உள்ள போகணும்ல?”

“போகணும்.”

“போறோம் சார். ஆனா ரூமுக்கு நாலு பேராத்தான் போவோம். மிச்ச ஆளு பேக்கிங்குக்குப் போகட்டும். நீங்கதான கதவுல எழுதியிருக்கீக.”

“முதலாளிக்கு நான் என்னம்மா சொல்ல?”

“அதை நீங்க யோசிங்க. நாங்க இங்கனதான் உக்காந்திருக்கோம்.”

அவள் உட்கார்ந்தாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

9

டவுனில் நாகஜோதி போன் செய்வதை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ‘சார் மன்னிச்சிருங்க, தெரியாம கை பட்டுருச்சு, வேணும்னு அனுப்பல.’ எழுதி முடித்தாள். அம்புக்குறிக்கு மேல் விரல் இருந்தது. அப்போது மேலே, அவர் பெயருக்குக் கீழே, ‘ஆன்லைன்’ என்று வந்தது. பிறகு ‘டைப் செய்கிறார்’. நின்றது. மறுபடியும் வந்தது.

அவருடைய செய்தி வந்து விழுந்தது:

‘ஜோதி ஆளுக எல்லாம் வெளிய வந்துட்டாக. நாலு பேராத்தான் உள்ள போவோம்னு சொல்றாக. இப்ப முதலாளி போன் போடுவாக, யார் நிறுத்தச் சொன்னதுன்னு கேப்பாக. நீ அனுப்பினது மின்னலுக்கா, நான் கேட்டதுக்கு உன் பதிலா, இல்ல கை பட்டுச்சா. நீ சொல்றதைத்தான் நான் சொல்லுவேன்.’

இனி மூன்று முடிவுகள். மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது. பெட்டியில் தயாராக இருக்கிற வரியை அனுப்பிவிடுகிறாள். அது உண்மை. கை பட்டதுதான். அவளுடைய வேலை தப்பும். முதலாளி திட்டுவார், அவ்வளவுதான். ஆனால் கை பட்டதற்காக வெளியே வந்தவர்கள் ஆறாறு பேராக உள்ளே போக வேண்டும். மாலையில் அவள் வருகையில் பேக்கிங் என்று போட வேண்டும்.

இரண்டாவது. மின்னல் காட்டியது என்று சொல்கிறாள். யாருக்கும் சேதமில்லை, இன்றைக்கு. அடுத்த முறை உண்மையிலேயே சிவப்புக் கை போகும்போது, ‘அன்னைக்கு மாதிரிதான் இருக்கும்’ என்று ஊர்க்காவலனோ வேறு யாரோ விசிலை ஒரு நொடி தள்ளி எடுப்பார்கள். இந்த முடிவை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது. ‘உங்க கேள்விக்குத்தான் சார் பதில், போட மாட்டேன்’ என்று எழுதுகிறாள். அது பொய். அல்லது இந்த நிமிடம் வரைக்கும் பொய். அனுப்பிய பிறகு என்னவாகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அனுப்பினால் வேலை நின்றதற்கு அவள்தான் பொறுப்பு. அவளுடைய முதல் வேலை. வேறொன்று கிடைக்குமோ கிடைக்காதோ. சீனிவாசகம் அவளுக்குப் பக்கத்தில் நிற்பார் என்றே நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

அனுப்பிரியாவிடம் கேட்டேன். “மூணாவதுதான் மாமா. இதுல என்ன யோசனை” என்றாள். சற்றுக் கழித்து, “நானா இருந்தா முதலாவதை அனுப்பிருப்பேன்” என்றாள்.

நான் இதை முடிக்கப் போவதில்லை. முடிவு தெரியாததால் அல்ல.

நாகஜோதியின் போனில் அந்த மன்னிப்பு வரி இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அது இருப்பது சீனிவாசகத்துக்குத் தெரியாது. அவருக்கு அவள் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்பது மட்டும் தெரிகிறது. அவர் வாசலில் நிற்கிறார். மத்தாப்புப் பாப்பா அவர் கையில் சிரிக்கிறது. எதிரே வேலியோரம், வெள்ளிக் கைகளை மடியில் போட்டபடி, எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் ஒன்று கடக்கிறது. ஜன்னலோரம் இருப்பவர் எட்டிப் பார்க்கிறார்.

இனி உங்கள் பாடு. அவளுக்காக ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அவசரமில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசியுங்கள்.

நீங்கள் அனுப்பும்வரை யாரும் உள்ளே போக மாட்டார்கள்.